நீலத்தை நம்பிய ஜிலேபி

எழுபதுகளில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை. கோவளத்து மீன்காரம்மாவின் சிறுநீரை நீல மருந்து ஊற்றிக் காய்ச்சினேன்; சர்க்கரை இருந்தால் நிறம் மாறும். நீலம் மாறவில்லை. சர்க்கரை இல்லையென்று குதித்தவர், மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார்.

குளுக்கோஸ் குடித்தபின் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தது. நோய் என்று எழுதும் அளவுக்கு இல்லை.

"ரத்தத்துல ரொம்ப ஏறினாத்தான் சிறுநீர்ல தெரியும்," என்றார் டாக்டரம்மா. "இன்சுலின் சொல்றத உடம்பு சரியா கேக்கல. பல வருஷமா கணையம் அத கூடுதலா சுரந்து சமாளிச்சிருக்கு. இப்போ முடியல."

"எங்க வூட்டுக்காரரு மாதிரி. நாலு தபா கத்தணும். என் தொண்டையே கட்டிக்கினு கீது!"

"நடந்தா உடம்பு பேச்சு கேக்கும்."

ஜிலேபியை என்னிடம் தள்ளிவிட்டு, வாசலில் ரிக்‌ஷாவில் காத்திருந்த கணவரைப் பார்த்து, "யோவ், எறங்கு, பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கலாம்!" என்றார்.

முதல் தபாவே இறங்கிவிட்டார் மனுஷன். ஆஸ்பத்திரியே சிரித்தது.