தேதியில்லாத வலைப்பூ

நீங்கள் கடைசியாக நம்பிய தகவல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்த்தீர்களா?

மேலநீலிதநல்லூர் சுப்புத்தாய் பார்க்கவில்லை. பார்க்க வழியுமில்லை. கணவர் இறந்த பிறகு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, ‘படிவம்’ என்ற வலைப்பூவிலிருந்து தேவையான சான்றுகளின் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போனார். தாள் பழசு என்று அலுவலகத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். வாசலில் நின்ற தரகர் சிரித்தார்: “நெட்டுல எழுதுறவள நம்புனா இப்படித்தான்.”

அந்த வலைப்பூவை எழுதியவர் சுகிர்தா. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தருகே ஒரு கணினி மையத்தில் வேலை. தரகர்கள் இல்லாமலே மக்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்றுதான் எழுதத் தொடங்கினார். ஓராண்டாக எழுதவில்லை.

தாளின் அடியிலிருந்த முகவரியை விசாரித்து, சுப்புத்தாய் அங்கேயே வந்து தாளை மேசையில் வைத்தார்.

“ஏட்டி, இது நீ எழுதுனதுதான?”

“ஆமாக்கா. ஆனா மூணு வருசத்துக்கு முந்தி.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? தேதி எங்கன போட்டிருக்க?”

சுகிர்தா தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தேதி தெரிந்தால் பக்கம் பழசாகத் தோன்றும் என்று வலைப்பூவின் அமைப்பிலேயே அதை மறைத்து வைத்தவர் அவரேதான்.

மறுநாள் சுகிர்தாவே அந்த அலுவலகத்துக்குப் போய் விசாரித்தார். “எப்பவோ போர்டுல ஒட்டியாச்சு,” என்றார் எழுத்தர். பலகை பூட்டிய அறைக்குள் இருந்தது. விதியை மாற்றுவார்கள், அறிவிப்பைப் பூட்டி வைப்பார்கள், அலைவது மட்டும் சுப்புத்தாயின் கால்கள். இதற்குப் பெயர் நிர்வாகமாம்.

புதிய பட்டியலை எழுதி வாங்கி வந்து, கோபம் ஆறுமுன் பழைய பதிவுகளைத் திறந்தார். அறுபத்தொன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறித்தார்: இருக்கட்டும், திருத்து, நீக்கு. உதவித்தொகைப் பதிவை அழிக்கவில்லை. அதன் இணைப்பு நூறு வாட்சப் குழுக்களில் சுற்றுகிறது. அழித்தால் மக்கள் கையிலிருக்கும் தவறான தாளே மிஞ்சும். அதே முகவரியில் உள்ளடக்கத்தைத் திருத்தி, திருத்திய தேதியை உச்சியில் போட்டார். மறைத்த தேதிகள் எல்லாப் பக்கங்களிலும் திரும்பின.

“இனியும் தினம் ஒண்ணா?” என்றார் உடன் வேலை செய்யும் அப்ரீன் பானு. “போன தடவ தினம் எழுதுதேன்னு சொல்லி நாப்பதே நாள்ல மூச்ச நிறுத்திட்டியே, மக்கா.”

“ஞாயித்துக்கிழமதான் எனக்கு லீவு. மாசம் ரெண்டு ஞாயிறு. ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசத் திருத்துறது.”

“அதையும் விட்டுட்டா?”

“ரெண்டு பதிவு எழுதி கையில வச்சிட்டுத்தான் அறிவிப்பே போடுதேன்.”

திருத்தங்கள் முடிந்த பிறகே அறிவிப்பு வந்தது. மின்னஞ்சல் வாசகர்களுக்கும் அந்த வாட்சப் குழுக்களுக்கும் ஒரே செய்தி: “ஓராண்டு எழுதவில்லை. பழைய பட்டியல் தவறு. அச்செடுத்த தாளைக் கிழித்துவிடுங்கள். சரியானது இதே இணைப்பில் இருக்கிறது.” காரணமும் சொல்லவில்லை, கண்ணீரும் விடவில்லை.

திருத்திய பட்டியலோடு போன சுப்புத்தாய்க்கு அன்றே ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. வாசலில் தரகர் வேறொருவரிடம் அதே பழைய ‘படிவம்’ தாளை நீட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியொரு தாள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இப்போதே எடுத்துப் பாருங்கள். தேதி இல்லையென்றால் யாருக்கும் அனுப்பாதீர்கள், எழுதியவரிடம் கேளுங்கள்.