மற்றவை வழக்கம்போல்

ஆய்வகத்தில் அவரைச் 'சதவீதம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனையின் கணினி அறையில் ஒரு நாற்காலி, ஒரு திரை, கை வைத்த ஸ்வெட்டர். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு என்று மூன்று தடவை சர்வர்களைப் பார்ப்பார். டிஸ்க் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, மெமரியில் எவ்வளவு மிச்சம், நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா, இந்த வேகத்தில் போனால் இன்னும் எத்தனை நாள் தாங்கும். இதையெல்லாம் நாலைந்து வரியில் எழுதி மாலையில் எனக்கு அனுப்புவார். கடைசி வரி எப்போதும் 'மற்றவை வழக்கம்போல்' என்று முடியும்.

நான் சர்வர் நிர்வாகி. எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு. அவர் குறிப்பு வந்ததும் நேரே கடைசி வரிக்குப் போவேன். 'வழக்கம்போல்' இருந்தால் மூடிவிடுவேன். ஆறு வருடமாக அது மட்டும்தான் நான் படித்தது.

அவருடைய கணவர் திடீரென்று போய்ச் சேர்ந்தார். அக்கா பத்து நாள் விடுப்பில் இருந்தார். அந்தப் பத்து நாளில் குறிப்பு எழுத யாரும் இல்லை. நான் பேக்கப் பிரதிகள் சேரும் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றினேன். பழைய பிரதிகளைத் தானாக அழிக்கும் நிரலுக்குப் புது முகவரியைச் சொல்ல மறந்துபோனேன். அது தினமும் காலியான பழைய ஃபோல்டரைத் துடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது. புது இடத்தில் தினம் ஒரு பிரதி ஏறிக்கொண்டே போனது. டிஸ்க் எண்பத்தொரு சதவீதத்திலிருந்து தொண்ணூறானது. நடுவில் எண்பத்தைந்தில் எச்சரிக்கை மணி கத்தியது. அக்கா வந்து பார்த்துக்கொள்வார் என்று அதன் வாயையும் அடைத்துவிட்டேன்.

அக்கா திரும்பி வந்தார். எவர் எது கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. அழவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பார்த்து, மூடி வைத்தார். ஆனால் மூன்று வேளையும் திரை முன்னால் உட்கார்ந்தார். குறிப்பும் வந்தது. கடைசி வரி 'வழக்கம்போல்'. எனக்கு நிம்மதி.

அவர் திரும்பிய பத்தாம் நாள் காலை ஒன்பதரைக்கு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது.

"சார், ரிசல்ட் சேவ் ஆகமாட்டேங்குது. வெளிய அறுபது பேர் நிக்கிறாங்க."

டிஸ்க் நூறு. எழுத ஒரு துளி இடமில்லை. டேட்டாபேஸ் முரண்டு பிடித்து நின்றுவிட்டது. பழைய பிரதிகளை அழித்து அதை எழுப்ப இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையால் துண்டுச்சீட்டில் எழுதினார்கள். அதில் இரண்டு சீட்டு ஆள் மாறிப்போயின. டாக்டர் ஒருவர் கவனித்ததால் பிழைத்தோம்.

மூன்று மணிக்கு மருத்துவமனை இயக்குநரின் அறையில் விசாரணை. குறிப்பு எழுதுவது யார் என்றுதான் முதல் கேள்வி.

"நான்தாங்க எழுதினேன்," என்றார் அக்கா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

வேலை போகும் என்று அவருக்கும் தெரியும். அந்த வீட்டில் இனி அவர் சம்பளம் மட்டும்தான். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அப்படி இருந்துவிடலாமா என்று யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"குறிப்புல என்ன இருந்துச்சு?" என்றார் இயக்குநர்.

ஒன்பது குறிப்புகளையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். இயக்குநர் உரக்கப் படித்தார். முதல் நாள்: டிஸ்க் 91, தினம் ஒன்று கூடுகிறது, ஒன்பது நாள் தாங்கும். மெமரி நிறைந்தாற்போல் தெரிவது கேச் என்ற தற்காலிகச் சேமிப்பு, தேவையானபோது விடுபடும், பயமில்லை. அடுத்த நாள் 92, எட்டு நாள். பிறகு ஏழு. ஆறு. ஒன்றிலும் தப்பில்லை. எல்லாவற்றின் அடியிலும் பழகிய விரல் தட்டிய அந்த 'மற்றவை வழக்கம்போல்'.

ஆறாம் நாள் குறிப்பில் மட்டும் ஒரு வரி அதிகம் இருந்தது: 'டிஸ்க் 96, நாலு நாள். எண்ணைப் பார்க்கிறேன், எதுவும் தோன்றவில்லை. யாராவது ஒருமுறை பார்த்தால் நல்லது.'

இயக்குநர் அந்த வரியை இன்னொருமுறை படித்தார்.

"நான் படிக்கலை சார்," என்றேன். "ஃபோல்டரை மாத்தினதும் நான்தான், அலாரத்தை அணைச்சதும் நான்தான். அவங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாங்க."

எழுத்தில் விளக்கம் தரச் சொன்னார்கள், என்னை மட்டும். வெளியே நடையில் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நீங்க படிக்கமாட்டீங்கன்னு தெரியும் சார். அதான் 'யாராவது'ன்னு போட்டேன்."

நாலு மணி ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு சர்வர் பார்க்கப் போனார்.