கஞ்சியும் கோழியும் என் வயிற்றுத் தையலும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இன்னும் கூட்டித்தான் சொல்வார்கள். பலாப்பழ அறுப்பின்போது, மூன்று பழத்தை ஒரே சாக்கில் கட்டி ஒரே மூச்சில் தூக்குகிறேன் என்று பந்தயம் போட்டேன். தூக்கியும் விட்டேன். பழம் மேலே வந்தது, குடல் கீழே இறங்கிவிட்டது. நாலு பேர் என்னைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு மலையிறக்கிக் கொண்டுபோனார்கள். அடிவாரத்து டவுனில் அறுத்துத் தைத்து, தையலும் பிரித்தபிறகு, அதே கட்டிலில் மேலே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கட்டில் தூக்கியவர்கள் பந்தயத்தைப் பற்றி வழி முழுக்கப் பேசினார்கள். நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

இது சின்ன முட்டாள்தனம். பெரியது இதற்குப் பின்னால்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், "முட்டை, பருப்பு, கறி, பால், கீரை, பழம், எதையும் விடாதீங்க. தையல் கூடணும்னா அதுதான் வேணும்" என்று தெளிவாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். மனசுக்குள் மட்டும், கீழ்நாட்டு மனுசருக்கு நம்ம மலைச் சமாச்சாரம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வெட்டுப்பட்டவனுக்குச் சாமைக் கஞ்சியும் உப்பும்தான். முட்டை தின்றால் சீழ் பிடிக்கும், அவரைப் பருப்பு தின்றால் புண் புளிக்கும், கறி தின்றால் தைத்த இடம் தெறிக்கும். இந்தச் சட்டத்தின் காவல்காரர் என் அண்ணன். அவரோடு வம்பு வேண்டாமென்று வீட்டுக்காரியிடம், "டாக்டரு கஞ்சிதான் குடிக்கச் சொன்னாரு" என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

அப்புறம் கஞ்சியும் மரவள்ளிக் கிழங்குமாக இரண்டு வாரம். வயிறு நிறைந்தது, உடம்பு நிறையவில்லை. கை குச்சியாயிற்று. காயத்தின் கீழ்முனையில் இரண்டு விரல் அகலம் சேரவே இல்லை. சீழ் கிடையாது, காய்ச்சல் கிடையாது. வெளுத்துப்போய், சும்மா நீர் கசிந்துகொண்டிருந்தது.

வாரச் சந்தை நாளில் மலைக்கு வரும் கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்துப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"என்ன சாப்பிடறீங்க?"

"கஞ்சிதானுங்க," என்றாள் என் வீட்டுக்காரி. "டாக்டரு சொன்னாருன்னு இவருதான் சொன்னாருங்களே."

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கூரை நன்றாகத்தான் வேய்ந்திருந்தது.

"அம்மணி, எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டாரு. புண்ணு கூடறதுன்னா உடம்பு புதுசா தசை கட்டணும். கட்ட சாமான் வேண்டாமா? கல்லே குடுக்காம கொத்தனாரை நிக்க வச்சா அவரு என்ன பண்ணுவாரு? முட்டை, பருப்பு, கறி, மீனு, இதுதான் கல்லு. நெல்லிக்கா, கொய்யா, எலுமிச்சை, கீரை, இது சாந்து. கஞ்சியும் கிழங்கும் தெம்புக்கு வேணும், வேண்டாங்கல. ஆனா அதை மட்டும் குடுத்தா சுவரு எழும்பாது." பஞ்சை மடித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு சந்தைக்குள்ள இது சேரலைன்னா, கட்டில்ல போட்டு மறுபடியும் கீழ கொண்டாந்து தைக்கணும்."

மறுபடியும் அந்தக் கட்டில். மறுபடியும் அந்தக் கத்தி. கட்டில் தூக்கிகளின் பேச்சு வேறு.

கம்பவுண்டர் போனபிறகு வீட்டுக்காரி என்னை ஒன்றும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குஞ்சு பொரிக்க வைத்திருந்த முட்டைக் கூடையை எடுத்து அடுப்பருகில் வைத்தாள். கொல்லையில் போய் முருங்கைக்கீரை ஒடித்து வந்தாள். பிறகு சாமிக்கு நேர்ந்துவிட்டிருந்த சேவல்மேல் கூடையைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

சேவல் கத்தியதில் அண்ணன் வந்துவிட்டார். அவர் வீடு அடுத்த வீடுதான்.

"அது சாமிக் கோழி."

"ஆமாங்க மாமா. சாமிக்கு வேற கோழி வளத்துக்கலாம். இவருக்குப் பதிலா வேற ஒருத்தரை வளக்க எனக்கு வயசில்ல."

"புண்ணுக்காரனுக்குக் கறியா? மேக்காலத் தெருக்காரன் அவரை தின்னு கால்ல சீழ் வச்சதைப் பாத்தீல்ல?"

"பாத்தேனுங்க. சாணிக்கையோட பழந்துணி சுத்தினதையும் பாத்தேன். அவரை மேல ஏனுங்க பழி போடறீங்க?"

அண்ணனை இந்த வயதுவரை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. மீசையை முறுக்கினார். என்னைப் பார்த்து, "டேய், நீ என்ன சொல்ற?" என்றார். நான் வீரன் இல்லையா, "எனக்கு என்னங்க அண்ணா தெரியும்" என்றேன்.

"இந்த ஊட்டுல கறி வெந்தா, நான் இங்க ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்."

"சரிங்க மாமா," என்றாள் அவள். வாசலில் அவருக்காக எப்போதும் வைத்திருக்கும் சொம்பை எடுத்துக் கழுவி, கவிழ்த்து வைத்தாள்.

அன்றிலிருந்து எனக்குச் சிறைச்சாப்பாடு. தப்ப முடியாது என்பதால் சிறை. காலையில் சாமைச் சோறும் அவித்த முட்டை இரண்டும். வெயில் ஏறுமுன் பச்சை நெல்லிக்காய்; வேகவைத்தால் சத்துப் போய்விடும் என்று கம்பவுண்டர் சொன்னதால், கடித்துத்தான் தின்ன வேண்டும். மத்தியானம் கெட்டியான அவரைப் பருப்பும் முருங்கைக்கீரையும், மேலே எலுமிச்சை. சாயங்காலம் கொள்ளுச் சுண்டலும், அண்ணன் வீட்டு ஆட்டுப் பால் ஒரு டம்ளரும். ஆமாம், அண்ணன் வீட்டு ஆடுதான். அண்ணி வேலிக்கு மேலாக நீட்டினாள். ராத்திரிக்கு முதல் இரண்டு நாள் அந்தச் சேவல், பிறகு கருவாடு. நிறையத் தண்ணீர். ஒரேயடியாகத் திணிக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. ஒவ்வொரு தடவையும் முட்டையோ பருப்போ கறியோ, ஏதாவது ஒரு கல் கட்டாயம்.

அண்ணன் தினமும் வேலியோரம் நின்று, மூக்கை உயர்த்தி வாசனை பிடித்துவிட்டு, "தெறிக்கும் பாரு" என்று சொல்லிப் போனார். நானும் பயந்துகொண்டே தின்றேன். ராத்திரியில் தடவிப் பார்ப்பேன், தெறித்ததா என்று. என் வீட்டுக்காரி கையைத் தட்டிவிடுவாள். தினமும் தண்ணீரில் கொதிக்கவைத்த துணியால்தான் கட்டுவாள். கை கழுவாமல் காயத்தைத் தொட்டால், அன்று எனக்கு முட்டை கிடையாது என்பாள். அதுவரை முட்டைக்குப் பயந்தவன், அதற்காகவே கை கழுவினேன்.

முதல் சந்தை நாள் கம்பவுண்டர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். "கசிவு குறைஞ்சிருக்கு, விட்டுறாதீங்க" என்றார். இரண்டாம் சந்தை நாள் அண்ணனும் வேலி தாண்டி வந்து நின்றார். தெறித்ததைப் பார்க்கத்தான். துணி அவிழ்ந்தது. கீழ்முனை இளஞ்சிவப்பாக, ஒரு கோடாக மூடியிருந்தது.

"கீழ போக வேண்டியதில்ல," என்றார் கம்பவுண்டர். "இன்னும் ரெண்டு மாசம் எதையும் தூக்காதீங்க. பலாப்பழத்தைப் பாத்தா வேற பக்கம் நடங்க."

அண்ணன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார். வெயிலில் நின்ற முகம், வேர்த்து ஒழுகியது. என் வீட்டுக்காரி கவிழ்ந்து கிடந்த சொம்பை நிமிர்த்தி, தண்ணீர் மொண்டு, அவர் முன்னால் வைத்தாள். அடுப்பில் சந்தையில் வாங்கிய கோழியின் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, வாசலெல்லாம் மணம்.

அண்ணன் சொம்பை எடுத்தார். அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, முழுக்கக் குடித்தார்.

என் வாய்தான் சும்மா இருக்காதே. "ஏனுங்க அண்ணா, தண்ணியில கறி வாசம் அடிக்குதுங்களா?" என்றேன்.

மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இன்னொரு சொம்பு ஊத்தச் சொல்லு."