சந்தனம் பூசிய தீயணைப்பான்கள்

வீட்டுக்குத் தீயணைப்பான் வாங்கப் போனபோது தேனிக் கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார்: "எண்ணெய்ச் சட்டி தீப்பிடிச்சா வெட் கெமிக்கல்தான்ணே, அது அடுப்படிக்கு. கார் ஷெட்டுக்கும் டிவி இருக்கிற ஹாலுக்கும் ஏபிசி பவுடர். தண்ணி வேணாம், பெட்ரோலுக்கும் கரண்டுக்கும் ஆகாது."

மூன்றையும் அந்தந்த வாசலோரம் மாட்டினேன்.

ஆயுத பூஜையன்று என் மனைவி மூன்றையும் கழற்றி, லேபிளே தெரியாமல் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, ஹாலில் வரிசையாக நிறுத்திவிட்டாள். மூன்றும் சிவப்பு. எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

அந்த நேரம் பார்த்துப் படையல் வடைச்சட்டி தீப்பிடித்தது. நான் நகத்தால் லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவள் கேஸை அணைத்து, சட்டியை இரும்புத் தட்டால் மூடிவிட்டு வந்தாள்.

"சுரண்டினது போதும். சட்டி ஆறட்டும், அதைச் சுரண்டலாம்."