வீட்டுக்காரரைச் சாகடித்த சைகோன் கடுதாசி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். அதனால் மெதுவாகத்தான் சொல்லுவேன். அவசரப்படுகிறவர்கள் வேறு ஏதாவது படிக்கலாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம். நான் வெள்ளைக்காரத் தெரு மதாம்களுக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயசில் கன்னியர் மடத்துத் தையல் அறையில் கற்றுக்கொண்டது. ஞானஸ்நானக் கவுன், கல்யாணக் கவுன், கடற்கரையில் சாயங்காலம் உலாத்துகிற கவுன் எல்லாம் என் கையில்தான். என் தையலை உள்பக்கம் திருப்பிப் போட்டாலும் வெளிப்பக்கம் மாதிரியே இருக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் கவுன் போடுகிறவர்கள் ஒவ்வொருவராய்ப் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். இருந்தவர்களும் புதுசு தைக்கவில்லை. போகிற நேரத்தில் யார் கவுன் தைப்பார்கள்? மெஷின் மேல் துணியைப் போர்த்தி வைத்துவிட்டு ரவிக்கை தைக்க உட்கார்ந்தேன். ஒரு ரவிக்கைக்கு இரண்டு நாள் பேரம். எங்கள் வீட்டுக்காரர் துணிக்கடையில் கஜக்கோல் பிடித்தவர். கடை முதலாளி பிரான்சுக்குப் போய்விட்டதால் அவரும் வீட்டில். வீட்டில் என்றால் நாற்காலியில்.

கடைசியாய்ப் போன மதாம் ஒருத்தி, நல்லவள், ஒரு விலாசம் கொடுத்துவிட்டுப் போனாள். கடல் தாண்டி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் அவளுக்குத் தெரிந்த ஒரு அம்மாள் கவுன் கடை வைத்திருக்கிறாளாம். கை சுத்தமான தையல்காரி வேணுமாம். "உன் வேலையைப் பத்தி விவரமா எழுதிப் போடு. எத்தனை வருஷம், என்னென்ன வரும், சொன்ன நாளுக்குக் குடுப்பியா, இதெல்லாம் அவங்க பார்ப்பாங்க" என்றாள். அந்த வேலை கிடைத்தால் பிழைப்பு. இல்லாவிட்டால் ரவிக்கை பேரம்தான் கடைசி வரைக்கும்.

எனக்கு பிரெஞ்சு பேச்சில் கவுனுக்கு வேண்டிய அளவு தெரியும். கை, கழுத்து, இடுப்பு, நாளைக்கு வாங்க. எழுத வராது. அதனால் நானும் வீட்டுக்காரரும், தபாலாபீசு பக்கத்தில் பூவரச மரத்தடியில் மனு எழுத உட்காருகிற முசியேவிடம் போனோம். கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்துப் பென்ஷனுக்கு மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"சொல்லும்மா."

சொன்னேன். "கை வைக்கிற இடத்துல ஒரு சுருக்கம் இல்லாம வைப்பேன்னு எழுதுங்க. குறுக்கு வாட்டத்துல வெட்டின பாவாடையை ஒருநாள் முழுக்கத் தொங்க விட்டுட்டுத்தான் கீழ மடிச்சித் தைப்பேன், அப்பதான் துணி இறங்குற வரைக்கும் இறங்கி நிக்கும், பின்னால ஒரு பக்கம் தொங்காதுன்னு எழுதுங்க. வெட்டின மிச்சத் துணியை, ஒரு விரக்கடை இருந்தாலும், கவுனோட சேத்து மூட்டை கட்டிக் குடுத்துடுவேன்னு எழுதுங்க. யார் கவுனும் ஒருநாள் தவணை தப்பினது இல்லைன்னு எழுதுங்க."

அவர் பேனாவைத் தாளில் வைக்கவே இல்லை. என்னைப் பார்த்தார். "இதெல்லாம் எழுதினா யாரும்மா படிப்பா? பாவாடை தொங்குறது, தொங்காதது! கண்ணீர் வரணும். வெள்ளைக்காரங்க கண்ணீருக்குத்தான் கையெழுத்துப் போடுவாங்க. முப்பது வருஷமாப் பார்த்துட்டேன்."

"நான் இன்னா பிச்சையா கேக்குறேன்? வேலை கேக்குறேன்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

எழுதி முடித்துத் தமிழில் சொன்னார். 'உங்கள் பாதத்தில் விழுந்து வணங்கும் கதியற்ற விதவையாகிய நான்' என்று ஆரம்பித்தது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "யாருய்யா விதவை? இதோ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரே, இவரு யாரு?"

முசியே எங்கள் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கட்டும். இருந்தா இன்னா? எல்லாருந்தான் இருக்காங்க."

"பேச்சுக்குத்தானே புள்ள" என்றார் இவர். "எழுதினா செத்துடுவனா?"

கட்டின தாலி கழுத்தில் இருக்க, தன்னைச் சாகடித்து எழுதச் சொல்லிவிட்டுச் சுருட்டுப் பற்றவைக்கிற மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன். விதவை என்ற வரியை அடித்தே ஆக வேண்டும் என்று நின்றேன். முசியே முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்த வரியை அடித்தார். நான் சொன்னதையெல்லாம் கீழே எழுதினார். சுத்தப்பிரதி எடுத்து வைக்கிறேன், சாயங்காலம் ஐயாவை அனுப்பு, கையோடு தபாலில் போட்டுவிடலாம் என்றார். எனக்கு அடுப்பில் உலை. நம்பிப் போனேன்.

மழைக்காலம் வந்தது. ரவிக்கைகள் வந்தன. பதில் வரவில்லை. பிறகு ஒருநாள் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டின உறை வந்தது. எங்கள் வீட்டுக்காரர் தெருவெல்லாம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். நேரே பூவரச மரத்தடிக்கு ஓடினோம்.

முசியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதலில் பிரெஞ்சில், ராகம் போட்டு. எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் 'வேவ்' என்று ஒரு வார்த்தை விழுந்தது. அது விதவைக்கு பிரெஞ்சு. பென்ஷன் ஆபீசு வாசலில் எந்த நாளும் கூப்பிடுகிற வார்த்தை. புதுச்சேரியில் காய்கறி விற்கிறவளுக்கும் தெரியும்.

"நிறுத்துங்க. இன்னா சொல்லியிருக்கு?"

சொன்னார். எந்த வெட்கமும் இல்லாமல் சொன்னார். 'எனக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள் உங்கள் ஊரிலிருந்து வந்தார்கள். நல்ல கை. ஆனால் ஆறு மாதத்தில் புருஷன் கூப்பிட்டான் என்று இருவரும் ஓடிவிட்டார்கள். நீங்கள் விதவை என்பதால் மூன்று வருஷம் நிலையாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தையலைப் பற்றி எழுதியதும் பிடித்தது. வாருங்கள்.'

"பார்த்தியா!" என்று முசியே நாற்காலியில் சாய்ந்தார். "தொங்குற பாவாடையா வேலை வாங்கிக் குடுத்துது?"

நான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் மரத்தில் ஏதோ காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு சாயங்காலம் போனப்ப நீங்கதானே மறுபடி சேக்கச் சொன்னீங்க?"

"சேர்த்தா நல்லதுன்னு முசியே சொன்னாரு. இப்ப நல்லதுதானே ஆச்சு? போயிட்டு வா. நான் இங்க செத்தவனாட்டமே இருந்துட்டுப் போறேன்."

"இருக்குறதே அப்படித்தான்!"

பக்கத்தில் முத்திரை வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைச் சொன்னால் இப்போதும் யாருக்கும் புரிவதில்லை. வேலை கிடைத்துவிட்டதே, வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாமே என்கிறார்கள். எப்படிப் போவது? கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. இரண்டையும் எடுத்துவிட்டா? எடுக்காமல் போனால் முதல் நாளே பொய்க்காரி. சொன்ன நாளுக்குக் கொடுப்பேன், மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுப்பேன் என்று எழுதியதையும் சேர்த்துப் பொய்யென்று தள்ளிவிடுவாள் அந்த அம்மாள். தள்ளத்தானே வேண்டும்?

என் மாமியார் வேறு. "விதவைன்னு வந்த காயிதத்தை வீட்டுக்குள்ள கொண்டாராத" என்று வாசலிலேயே நிறுத்தினாள். அந்தக் கடுதாசி மூன்று நாள் மாட்டுக் கொட்டகையில் இருந்தது.

நாலாம் நாள் அதே முசியேவிடம் போனேன். வேறு ஆளுக்கு எங்கே போக? வீட்டுக்காரரை வரவேண்டாம் என்றேன். அவர் வந்தார்.

"எழுதுங்க. எனக்குப் புருஷன் இருக்காரு. நல்லா இருக்காரு. தப்பா எழுதிட்டாங்க, எனக்குத் தெரியாம."

"வேலை போயிடும்மா."

"போவட்டும். எழுதுங்க. அவரு கூப்பிட்டா ஓடி வர்ற ஆளு நான் இல்லை. மூணு வருஷம்னா மூணு வருஷம். கடுதாசியோட என் தையலுக்கு மாதிரி ஒண்ணு அனுப்புறேன், பாருங்கன்னு எழுதுங்க."

அதற்கு முந்தின நாளே உட்கார்ந்து வெள்ளைத் துணியில் ஒரு தோளும் கையும் மட்டும் தைத்திருந்தேன். கவுனில் பொய் சொல்ல முடியாத இடம் அதுதான். கையின் தலைப்பு தோள் வளைவைவிடப் பெரிசாக இருக்கும். அந்த அதிகத்தை நூலால் மெல்ல இழுத்து, சுருக்கம் தெரியாமல் உள்ளே அடக்க வேண்டும். அவசரக்காரிகளுக்கு அங்கே கொசுவம் விழும். எனக்கு விழாது. பக்கத்தில் நாலு காஜாவும் போட்டிருந்தேன், வேண்டுமென்றே வெவ்வேறு அளவில்.

முசியே எழுதி முடித்ததும் பிரெஞ்சிலேயே ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னேன். அந்த வார்த்தை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வரவில்லை. சுத்தப்பிரதி எடுக்கும்போதும் எதிரிலேயே நின்றேன். நானே உறையில் போட்டு, நானே ஒட்டி, நானே பெட்டியில் போட்டேன்.

"இவ்ளோ சந்தேகமா?" என்றார் முசியே.

"ஆமா."

வேலை போய்விட்டது என்று தெருவில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரவிக்கைக்காரிகளிடம் சண்டை அதிகமாயிற்று. ஒருத்தியை அளவெடுக்காமலேயே திருப்பி அனுப்பினேன்.

பதில் வந்தபோது முசியே ராகம் போடவில்லை. மெதுவாகச் சொன்னார். தோளைப் பார்த்தாளாம். இந்தக் கை வேண்டும் என்றாளாம். ஆனால் புருஷன் விஷயத்தில் பேச்சை நம்ப மாட்டாளாம், இரண்டு முறை பட்டுவிட்டாளாம். 'ஆகவே உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள். கூப்பிட ஆள் ஊரில் இருக்கக் கூடாது. எங்களிடம் இஸ்திரி போடுகிறவர் போய்விட்டார். அந்த வேலையை அவருக்குத் தருகிறேன். இருவரும் வந்தால் வாருங்கள்.'

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாது, இஸ்திரியா? நான் கஜக்கோல் பிடிச்ச கை. பொம்பளைங்க கவுனுக்கு இஸ்திரி போடறதா? மானம் இன்னாத்துக்கு ஆவும்?"

"செத்துட்டேன்னு எழுதினப்ப எங்க போச்சு அந்த மானம்?"

"அது கடுதாசி. இது வேலை."

முசியே வாயைப் பொத்திக்கொண்டார். இந்த ஒரு தடவை எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

ஒரு வாரம் சாப்பாட்டில் கோபத்தைக் காட்டினார். மாமியார் மகன் பக்கம். பக்கத்து வீட்டில் கரி இஸ்திரிப் பெட்டி ஒன்று கேட்டு வாங்கினேன். கனல் போட்டு, பழைய கவுன் ஒன்றை விரித்து அவர் எதிரில் வைத்தேன்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. கூட வர்றீங்களா, இல்ல முசியே எழுதினதையே நிஜமாக்கிட்டு நான் மட்டும் போவட்டுமா?"

பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "கனல் பத்தலை" என்றார்.

கப்பல் ஏறும் வரைக்கும் கற்றுக் கொடுத்தேன். இரண்டு கவுனைத் தீய்த்தார். தையல் மேல் நேராக அழுத்தாதீங்க, விரிச்சிட்டு அழுத்துங்க என்றால், "தெரியும்" என்பார். தெரியாது. தோள் பக்கத்தை உருண்டையாய்ப் பஞ்சு வைத்த திண்டு மேல் வைத்துத்தான் போட வேண்டும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. மனிதர் கேட்கிற ரகம் இல்லை.

சைகோன் கடையில் முதல் நாள். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. முதலில் இவரைத்தான் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். உள்ளே இருந்த பெண்களிடம் என்னவோ சொன்னாள்; அதில் 'வேவ்' என்ற வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். இவரும் ஒன்றும் புரியாமல் கூடச் சிரித்தார். எனக்குக் காட்டின மெஷினில் உட்கார்ந்தேன். ஊசி மழுங்கியிருந்தது. புது ஊசி கேட்டேன்.