அண்ணி கலக்கிய நித்திரைப் பொடி

என் அண்ணன் டோர்வல் விமான நிலையத்தில் இரவு வேலையாகப் பெட்டி ஏற்றி இறக்கியவர். சீனி வருத்தம் சிறுநீரகத்தைத் தின்னத் தொடங்கியதும் வேலையை விட்டார். வேலை போனது, நித்திரை மட்டும் திரும்பி வரவில்லை. கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் நான் மேல் வீட்டில் இருந்தேன், அவர் குடும்பம் கீழ் வீட்டில். வீடு முழுக்க நடப்பார், கிடைத்தவரிடமெல்லாம் கதைப்பார்.

அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. விருந்தினர் முன்னாலேயே சொல்வாள்: "நித்திரையுமில்லை, வேலையுமில்லை. வாய் மட்டும் மூடுறதில்லை." பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வருடம்தான் அவள் ஒரு கம்பனியின் நித்திரைப் பொடி விற்கத் தொடங்கினாள். மக்னீசியம், கிளைசின், தியானின் மூன்றும் கலந்தது. கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும், "முழுக்க இயற்கை, குழந்தை மாதிரி நித்திரை வரும்" என்று கொடுப்பாள். எனக்கும் ஒரு டப்பா தந்தாள். நான் தைரொயிட் குளிசை போடுகிறவள். கேட்டுவிட்டுக் குடிப்போம் என்று டப்பாவோடு மருந்துக்கடைக்குப் போனேன். அண்ணனின் மருந்து எடுக்க அண்ணனும் அண்ணியும் கூட வந்தார்கள்.

மருந்தாளர் ஓர் இளம்பெண். அவள் பிரெஞ்சில் சொன்னதை நான் அண்ணனுக்காகத் தமிழில் சொன்னேன். மக்னீசியம் உடலில் குறைவாக இருப்பவருக்கு ஓரளவு உதவலாம், மற்றவருக்குப் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம், வயிற்றாலும் போகும். கிளைசின் குடித்தவர்கள் கொஞ்சம் நன்றாகத் தூங்கினதாகச் சொன்ன சிறிய ஆய்வுகள் உண்டு, அவ்வளவுதான். தியானின் தேயிலையில் இருக்கிற பொருள். மனதை ஆற்றலாம், ஆளை அடித்துப்போட்டுத் தூங்கவைக்காது. பிரஷர் குளிசையோ நித்திரைக் குளிசையோ எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. என் தைரொயிட் குளிசைக்கும் மக்னீசியத்துக்கும் இடையில் நாலு மணித்தியாலமாவது விட வேண்டும்.

பிறகு அண்ணனின் மருந்துகளைக் கணினியில் பார்த்தாள். முகம் மாறியது.

"இவருக்கு மக்னீசியம் வேண்டவே வேண்டாம். கூடுதலானதை வெளியேற்றுகிறது சிறுநீரகம். அது பழுதென்றால் இரத்தத்திலேயே தேங்கும். தசை தளரும், பிரஷர் விழும், இதயமும் மெதுவாகும். நித்திரைக்கு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்."

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். "விளங்குது" என்றாள் அண்ணி. கடை வாசலுக்கு வந்ததும், "மக்னீசியம் இல்லாததும் எங்களிட்டை இருக்கு. இவருக்கு அதை எடுத்துக் குடுக்கிறன்" என்றாள்.

அவள் கலக்கிக் கொடுக்கத் தொடங்கிய சில கிழமைகளில் அண்ணன் அடங்கிப்போனார். சோபாவிலேயே கிடந்தார். கோப்பை கையிலிருந்து நழுவியது. பேச்சுக் குழறியது. அண்ணி வந்தவர்களுக்கெல்லாம் அவரைக் காட்டினாள்.

"பாருங்கோ, எங்கட பொடி எப்பிடி வேலை செய்யுதெண்டு. இப்பதான் வீடு வீடா இருக்கு."

"இது நித்திரை இல்லை அண்ணி, ஆள் சோர்ந்து கிடக்கிறார். டொக்டரிட்டைக் காட்டுவம்" என்றேன்.

"உமக்குப் பொறாமை. அவர் அமைதியா இருக்கிறது கண்ணுக்குப் பொறுக்கேல்லை."

ஒரு மத்தியானம் நான் அவரைத் தட்டி எழுப்பினேன். கண் திறந்தது, தலை நிமிரவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன், நாடி மிக மெதுவாக அடித்தது. ஆம்புலன்ஸை நான்தான் அழைத்தேன். அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது அண்ணி ஆம்புலன்ஸ்காரரிடம் சொன்னது ஒன்றுதான்: "சப்பாத்தோடை கம்பளத்திலை மிதிக்காதேங்கோ."

ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். மக்னீசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. இதயத்தைக் காக்க நரம்பில் கல்சியம் ஏற்றி, டயாலிசிஸ் செய்தார்கள். "என்ன குடித்தார்?" என்று மருத்துவர் கேட்டபோது நான் அடுப்படியிலிருந்து எடுத்து வந்த டப்பாவை நீட்டினேன். மருந்தாளருக்குக் காட்டிய அதே கலவை. மக்னீசியம் இல்லாதது என்று ஒன்று அண்ணியிடம் இருந்ததே இல்லை.

அண்ணி என்னை முறைத்தாள். "இரண்டு கரண்டிதானே குடுத்தன். ஒரு கரண்டியிலை வாய் ஓயேல்லை. அவரின்ரை சிறுநீரகம் பழுதெண்டா அதுக்குப் பொடி என்ன செய்யும்?"

அண்ணன் தேறினார். அவள் தேநீர் வாங்கப் போயிருந்த நேரம் நான் அவர் பக்கத்தில் குனிந்தேன்.

"அண்ணை, அதே பொடியெண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும் பிள்ளை. அதே டப்பாதானே."

"பேந்து ஏன் குடிச்சனீங்கள்?"

அவர் கூரையைப் பார்த்தார். "அதைக் கலக்கித் தரேக்கை மட்டும்தான் அவள் என்னோடை சிரிச்சுக் கதைக்கிறவள்."

என்னோடு மேலே வந்து இருக்கும்படி கெஞ்சினேன். மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பழையபடி நித்திரையில்லாமல் நடந்தார், கதைத்தார். அண்ணி நிலவறையில், வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அவருக்குக் கட்டில் போட்டாள். பொடி விற்பதை விடவில்லை. சிறுநீரகக்காரர் குடிக்கக்கூடாது என்று டப்பாவிலேயே பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. வாங்குகிறவர்களில் பலருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. அவளுக்கு நன்றாகத் தெரியும்.