ஜூன் மாதம் இல்லாத சீட்டு

நான் சாயல்குடிப் பக்கத்துக்காரன். பிழைப்புக்காக அக்காள்மடத்தில் ஜெராக்ஸ் கடை போட்ட புதிதில், கடல் என்றால் மீன் வருகிற இடம் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சீட்டுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தேன்.

சீட்டு நடத்தியவர் பக்கத்து மளிகைக் கடை ராத்தா; அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கணவர் சவுதியில், இங்கே கடையும் சீட்டும் அவர் பொறுப்பு. ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு, என்னையும் சேர்த்து இருபது பேர், மாதம் ஐயாயிரம், இருபது மாதம். முதல் மாதச் சீட்டு நடத்துகிறவருக்கு, தள்ளு என்கிற கழிவு எதுவும் இல்லாமல். இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்தாம் தேதி, மாலை அஸர் தொழுகை முடிந்ததும், கடையின் பின்பக்கம் ஏலம். யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளிய பணத்தை இருபதால் வகுத்து எல்லோருடைய தவணையிலும் கழித்துவிடுவார்கள். மிச்சத்தைப் பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும்; பன்னிரண்டாம் தேதி எடுத்தவர் கையில் பணம். ஒருமுறை எடுத்தவர் மறுபடி கேட்க முடியாது, கட்டிக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். இருபதாவது மாதம் ஏலமே கிடையாது. மிஞ்சிய ஒருவருக்கு முழு லட்சம்.

என் கணக்கு வேறு. மகள் அப்போது பிளஸ் ஒன். மறு வருடம் ஜூனில் நர்சிங் கல்லூரிக்கு அறுபத்தையாயிரம் கட்ட வேண்டும். ஜனவரியில் தொடங்கும் சீட்டில் அந்த ஜூன் பதினெட்டாவது மாதம். அப்போது எடுக்காதவர்கள் மூன்றே பேர்தான் இருப்பார்கள், போட்டி இருக்காது, கொஞ்சம் தள்ளினால் போதும். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஜனவரி முதல் மறு வருட ஆகஸ்ட் வரை இருபது வரி அட்டவணை அடித்து, லேமினேட் செய்து, இருபது பேருக்கும் இலவசமாகக் கொடுத்தேன். எல்லோரும் பணிவாக வாங்கிக்கொண்டார்கள். படகுக்கார அண்ணன் ஒருவர் மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நல்லா அடிச்சிருக்க. விசிறிக்கிறதுக்கு ஆகும்" என்றார். பாராட்டு என்று நினைத்தேன்.

மே மாதம் ஐந்தாம் தேதி வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு ஏலத்துக்குப் போனேன். பின்பக்கம் ஒருவரும் இல்லை. ராத்தா அரிசி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, அரிசி வேணுமா?"

"இன்னைக்கு ஏலமில்லையா ராத்தா?"

"தடைக்காலத்துல ஏது சீட்டு? படகு பூரா கரையில கெடக்கு. யாரு பணங் கட்டுவா? மேயும் ஜூனும் சீட்டு நிக்கும். ஜூலை அஞ்சுலதான் அஞ்சாவது மாசம்."

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அது எனக்கும் செய்தியாகத் தெரியும். அது சீட்டுக்குள்ளும் புகுந்து இரண்டு மாதத்தைத் தின்றுவிடும் என்பதுதான் தெரியாது. இருபது மாதச் சீட்டு இங்கே இரண்டு முழு வருடம் ஓடும். வருடத்துக்குப் பத்து மாதம்.

"அட்டவணை குடுத்தப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அவ்வளவு அழகா அடிச்சிட்டு வந்து நிக்கிறீங்க. எப்படிச் சொல்றது?" என்று சிரித்தார்.

கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாததால் வீட்டில் சாம்பார் மேல் காட்டினேன். நான் நம்பியிருந்த ஜூன் இந்தச் சீட்டிலேயே கிடையாது. அதற்கு முந்தையது மறு வருட ஏப்ரல், பதினாலாவது மாதம். அதில் எடுத்தால்தான் மகள் கல்லூரி. விட்டால் அடுத்தது ஜூலை; அதற்குள் இடம் போய்விடும்.

பதினாலாவது மாதத்தில் ஏழு பேர்தானே, பெரிதாகத் தள்ள வேண்டியிருக்காது என்று மறுபடியும் நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பட்ட பிறகும் புத்தி வரவில்லை. ஏப்ரல் ஏலத்தன்று பின்பக்கம் நிற்க இடமில்லை. தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். அதற்குப் பணம் ஏப்ரலில்தான் வேண்டும். எடுக்காத ஏழு பேரில் ஐந்து பேர் படகுக்காரர்கள். விசிறி அண்ணனும் அதில் ஒருவர். அவருடைய எஞ்சின் மாசியிலேயே இருமத் தொடங்கியிருந்தது.

பத்தாயிரத்தில் ஆரம்பித்தார்கள். பதினைந்தில் இரண்டு பேரும், இருபதில் மூன்று பேரும் விலகினார்கள். மிஞ்சியது அண்ணனும் நானும்.

"இருவத்தஞ்சு" என்றேன்.

"இருவத்தேழு. ஏலே ஜெராக்ஸு, ஒனக்கு எதுக்குடா இப்பச் சீட்டு? ஒன் மெசினையும் கரையேத்தப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "முப்பது" என்றேன். அதற்கு மேல் எனக்கு வழியில்லை. முப்பது தள்ளினால் எழுபது வரும். அதில் என் தவணை மூவாயிரத்து ஐந்நூறு போனால் கல்லூரிக்கும் பஸ்ஸுக்கும் சரியாக இருக்கும். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"புள்ள காலேஜுக்கா?"

"ஆமாண்ணே. ஜூன்ல கட்டணும்."

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு ராத்தாவிடம், "தம்பிக்கே எழுதுங்க. எஞ்சினு கரையிலதான் கெடக்கும். காலேஜு காத்துக் கெடக்குமா?" என்றார். எடுத்தவருக்கு ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் அவரே போட்டார். நன்றி சொல்லப் போனால், "போடா, நீ முப்பது தள்ளுனதுல எனக்கு ஆயிரத்தைந்நூறு லாபம்" என்று விரட்டிவிட்டார்.

மகள் சேர்ந்தாள். ஜூன் நடுவில் தடை முடிந்து படகெல்லாம் கிளம்பிய அன்று ஊரே கடற்கரையில் நின்றது. அண்ணனின் படகு மட்டும் எஞ்சின் இல்லாமல் கட்டையில் நின்றது. அவர் இன்னொருவருடைய படகில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு கூலிக்கு ஏறியதை நான் பார்த்தேன். சொந்தப் படகுக்காரர். தடை முடிந்து கடலுக்குப் போகிற முதல் பாடுகளில்தான் மீன் அள்ளும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கடைக்குத் திரும்பி, கதவைப் பாதி சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை ஐந்தாம் தேதி பதினைந்தாவது மாத ஏலம். எடுக்காதவர்கள் ஆறு பேர். அண்ணன், "அஞ்சாயிரம்" என்றார். ராத்தா மற்ற ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் செல்போனைப் பார்த்தார். யாரும் அதற்கு மேல் தள்ளிக் கேட்கவில்லை. சீட்டு அவருக்கே, தொண்ணூற்றையாயிரம். ஆனால் எல்லோரும் பத்தாம் தேதிக்குள் கட்டி, பன்னிரண்டில் பணம் வந்து, அதற்குப் பிறகு எஞ்சின் வேலை என்றால் இன்னும் எத்தனை நாள் அவர் ஐஸ் பெட்டி தூக்குவது?

என் தவணை நாலாயிரத்து எழுநூற்றைம்பதைச் சட்டைப் பையிலேயே கொண்டுபோயிருந்தேன். ஏலம் முடிந்ததும் எடுத்து ராத்தாவின் முன் வைத்தேன்.

"தம்பி, இன்னைக்கு அஞ்சுதான். பத்தாந் தேதிக்குள்ள கட்டுனாப் போதும். ஒங்களுக்குத் தேதி பாக்கவே வராதா?"

என் பின்னால் கூரையைப் பார்த்தவர் தன் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். அன்று விளக்கு வைப்பதற்குள் பதினாறு பேர் கட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்தப் பணத்தோடு அண்ணன் மெக்கானிக்கைக் கூட்டிவரப் பாம்பனுக்குப் போனார்.